பொது நிர்வாகம் விருப்பப் பாடம்: ஓர் அத்தியாயத்தைக் கீவேர்டு சட்டகமாகச் சுருக்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூ.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வில் பொது நிர்வாகத்தை விருப்பப் பாடமாக எடுத்தவர்களுக்கான பக்கம் இது. எடுத்துக்காட்டு எல்லாம் முதல் தாளின் ஐந்தாவது அலகான ‘பொறுப்புடைமையும் கட்டுப்பாடும்’ என்ற ஒரே அத்தியாயத்திலிருந்து. ஒன்றை முழுதாகச் செய்து பார்த்தால் மற்ற அலகுகளில் எதை மாற்ற வேண்டும் என்பது பிடிபடும்.

கீவேர்டு சட்டகம் என்றால் என்ன? நான் ஏற்கெனவே ஷார்ட் நோட்ஸ் எடுத்துத்தான் வைத்திருக்கிறேன், அது போதாதா?

ஷார்ட் நோட்ஸ் புத்தகத்தின் வரிசையில் இருக்கும். தேர்வில் கேள்வி அந்த வரிசையில் வராது. அதுதான் சிக்கல். அத்தியாயம் ‘சட்டமன்றக் கட்டுப்பாடு, நிர்வாகக் கட்டுப்பாடு, நீதித்துறைக் கட்டுப்பாடு’ என்று அடுக்கிக்கொண்டு போகும். கேள்வியோ, “கட்டுப்பாடுகள் பெருகியும் பொறுப்புடைமை ஏன் வளரவில்லை?” என்று எல்லாவற்றையும் குறுக்கே வெட்டி வரும். அப்போது நோட்ஸில் மூன்று பக்கங்களிலிருந்து ஒவ்வொரு வரி பொறுக்க வேண்டும். பத்து மதிப்பெண் கேள்விக்கு அதற்கெல்லாம் நேரம் கிடையாது.

சட்டகத்தில் முதலில் ஒரு முதுகெலும்பு இருக்கும்: அத்தியாயத்தில் வரும் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கக்கூடிய இரண்டு மூன்று அளவுகோல்கள். கீவேர்டுகள் அதன்மேல் தொங்கும். ஒவ்வொரு கீவேர்டும் தேர்வறையில் ஒரு முழு வாக்கியமாக விரிய வேண்டும். விரியாத சொல் வெறும் தலைப்பு.

முதுகெலும்பை எங்கிருந்து எடுப்பது? நானே கற்பனை செய்ய வேண்டுமா?

பெரும்பாலும் அத்தியாயத்தின் முதல் சில பக்கங்களில், ‘பொருளும் வரையறையும்’ என்ற பகுதியிலேயே கிடைக்கும். அடுத்து வரும் கமிட்டி, சட்டம், வழக்குகள்தான் முக்கியம் என்று நினைத்து எல்லோரும் வேகமாகத் தாண்டிப்போகும் பகுதி அது.

இந்த அத்தியாயத்துக்கு நெதர்லாந்து அறிஞர் மார்க் போவன்ஸ் 2007இல் தந்த விளக்கம் நன்றாகப் பொருந்தும். பொறுப்புடைமை என்பது ஒரு செயலாளிக்கும் ஒரு மன்றத்துக்கும் இடையிலான உறவு என்கிறார் அவர். செயலாளி தன் நடத்தையை விளக்கி நியாயப்படுத்தக் கடமைப்பட்டவர். மன்றம் கேள்வி கேட்கலாம், தீர்ப்புச் சொல்லலாம். செயலாளி அதன் விளைவைச் சந்திக்க நேரலாம். இதை மூன்று சொல்லாகச் சுருக்கலாம்: தகவல், விளக்கம், விளைவு.

இப்போது அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு கருவியையும் இந்த மூன்றில் வைத்துப் பாருங்கள். நாடாளுமன்றத்துக்குத் தகவல் ஏராளம், விளைவு குறைவு. நீதிமன்றத்துக்கு விளைவு பலமானது. ஆனால் தன் முன் வந்த வழக்கைப் பற்றி மட்டுமே அதற்குத் தெரியும், அதுவும் பெரும்பாலும் காரியம் நடந்து முடிந்த பிறகு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் பெயரிலேயே முதல் சொல்லைக் கொண்டது, மூன்றாவதில் தேங்குகிறது. குடிமக்கள் சாசனம் இத்தனை நாளில் இந்தச் சேவை என்று சொல்லும். சொன்னபடி நடக்காவிட்டால் பெரும்பாலும் எதுவும் ஆகாது. இதைப் பார்த்துவிட்டால் அத்தியாயத்தில் பாதி தானாகவே சுருங்கிவிடும், ஏனென்றால் குறைபாடுகள் என்று புத்தகம் தனித்தனியாக அடுக்கியவை எல்லாம் இந்த மூன்றில் ஏதோ ஒன்றின் குறைதான்.

ஒரு அத்தியாயத்துக்கு எத்தனை சட்டகம் போட வேண்டும்?

பாடத்திட்டத்தின் வரியை எடுத்து அரைப்புள்ளி, காற்புள்ளி இருக்கும் இடங்களில் உடைத்துப் பாருங்கள். இந்த அலகின் வரியில் வருபவை: பொறுப்புடைமை, கட்டுப்பாடு ஆகிய கருத்துகள், நிர்வாகத்தின் மீது சட்டமன்ற, நிர்வாக, நீதித்துறைக் கட்டுப்பாடு, குடிமக்களும் நிர்வாகமும், ஊடகம், நலக்குழுக்கள், தன்னார்வ அமைப்புகளின் பங்கு, குடிமைச் சமூகம், குடிமக்கள் சாசனம், தகவல் அறியும் உரிமை, சமூகத் தணிக்கை. இத்தனைக்கும் ஒவ்வொன்று வேண்டியதில்லை. கருத்துக்கு ஒன்று, மூன்று உறுப்புகளுக்கு மூன்று, தகவல் உரிமைக்கு ஒன்று, சாசனத்துக்கு ஒன்று, சமூகத் தணிக்கைக்கு ஒன்று, ஊடகமும் குடிமைச் சமூகமும் சேர்த்து ஒன்று. மொத்தம் எட்டு. ஒவ்வொன்றும் அரைப்பக்கம், நான்கு பக்கத்தில் அத்தியாயம் முடிந்துவிடும்.

பதினைந்து, இருபது என்று போய்விட்டால் நீங்கள் புத்தகத்தை நகல் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

படிக்கும்போதே சட்டகம் எழுதலாமா?

முதல் வாசிப்பில் பேனாவைத் தொடாதீர்கள். அப்போது எல்லாமே முக்கியமாகத்தான் தெரியும், பக்கம் முழுக்க அடிக்கோடு விழும். முதல் முறை படித்து முடித்ததும் முந்தைய ஆண்டுகளின் கேள்விகளில் இந்த அலகுக்கு உரியவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றிலும் வினைச்சொல்லையும் தகராறான சொல்லையும் வட்டமிடுங்கள். தகராறான சொல் என்பது, எதைப் பற்றி நீங்கள் ஒரு நிலை எடுக்க வேண்டும் என்று கேள்வி எதிர்பார்க்கிறதோ அந்தச் சொல். ‘சடங்கு’, ‘போதுமானதா’, ‘மாயை’ போன்றவை.

இரண்டாவது வாசிப்பு அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ஒரு பத்தி எந்தக் கேள்விக்கும் உதவவில்லை என்றால் அதை விட்டுவிட்டு நகருங்கள். எழுதுவது இரண்டாம் வாசிப்பு முடிந்து, புத்தகத்தை மூடிய பிறகு. மூடிய நிலையில் நினைவுக்கு வருபவைதான் உங்களுக்கு உண்மையில் கீவேர்டுகள். பிறகு திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையில் சேருங்கள். அடுத்த முறை திருப்பிப் பார்க்கும்போது அந்த நிறம் மட்டும் கண்ணில் பட்டால் போதும்.

ஒரு பத்தி எப்படிக் கீவேர்டாக மாறுகிறது? ஒன்றைச் செய்து காட்ட முடியுமா?

புத்தகத்தில் பொதுக் கணக்குக் குழுவைப் பற்றி இப்படி ஒரு பத்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

“நாடாளுமன்றம் ஒதுக்கிய பணம் ஒதுக்கிய நோக்கத்துக்கே செலவானதா என்பதைப் பொதுக் கணக்குக் குழு ஆராய்கிறது. மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர் என 22 உறுப்பினர்கள் இதில் உள்ளனர். 1967 முதல் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரைத் தலைவராக நியமிப்பது மரபு. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகளே இதன் ஆய்வுக்கு அடிப்படை. கொள்கை சரியா தவறா என்பதில் குழு தலையிடுவதில்லை. செலவு முடிந்த பிறகே ஆய்வு நடக்கிறது. பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தாவிட்டாலும், அவற்றின் மீது எடுத்த நடவடிக்கையை அரசு குறிப்பாகத் தெரிவிக்க வேண்டும்.”

இதிலிருந்து எடுக்க வேண்டியவை ஐந்து: *தணிக்கை அறிக்கையே கண்*, *எதிர்க்கட்சித் தலைமை (1967)*, *கொள்கை விலக்கு*, *செலவுக்குப் பின்*, *பரிந்துரை மட்டும் – நடவடிக்கைக் குறிப்பு*. முதலாவது ‘தகவல்’ என்ற கட்டத்தில் போகும். இரண்டாவதும் மூன்றாவதும் ‘விளக்கம்’. கடைசி இரண்டும் ‘விளைவு’.

15, 7, 22 என்ற எண்களை விட்டுவிட்டதைக் கவனியுங்கள். அவை முதல்நிலைத் தேர்வின் கொள்குறி வினாவுக்கு வேண்டியவை. விரிவான விடையில் “22 உறுப்பினர்கள் கொண்ட” என்று எழுதினால் அந்த வாக்கியம் எதையும் நிரூபிப்பதில்லை. 1967ஐ மட்டும் வைத்துக்கொண்டதற்குக் காரணம், ஆளுங்கட்சிக்கு வெளியே இருப்பவர் தலைவராக இருப்பது இந்தக் குழுவின் சுதந்திரத்துக்கான சான்று. எண்ணையோ ஆண்டையோ வைக்கலாமா என்ற சந்தேகம் வந்தால், “ஆகவே” என்று அதற்குப் பின்னால் ஒரு வாக்கியம் போட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் எடுத்துவிடலாம்.

எதைக் கீவேர்டாக எடுக்கக் கூடாது?

‘வெளிப்படைத்தன்மை’, ‘திறமை’, ‘நல்லாட்சி’, ‘மக்கள் பங்கேற்பு’ போன்றவற்றை. இவை எந்த அலகிலும் ஒட்டும். எங்கும் ஒட்டும் சொல் மதிப்பெண் தராது. திருத்துபவர் அதை நூற்றுக்கணக்கான தாள்களில் பார்த்திருப்பார். ‘வெளிப்படைத்தன்மை’க்குப் பதில் ‘4ஆம் பிரிவு: கேட்காமலே வெளியிடல்’ என்று எழுதினால் அது தகவல் உரிமைச் சட்டத்துக்கு மட்டுமே உரியது. ‘மக்கள் பங்கேற்பு’க்குப் பதில் ‘கிராம சபை முன் பதிவேடு வாசிப்பு’ என்றால் சமூகத் தணிக்கை கண்முன் வந்துவிடும்.

இன்னொரு வகைத் தவறு: பெயர்ச்சொல்லை மட்டும் எழுதி வைப்பது. ‘சிஏஜி’ என்று எழுதினால் தேர்வறையில் நான்கு திசையில் மனம் ஓடும். ‘சிஏஜி: பிணப் பரிசோதனை’ என்று எழுதினால், செலவு நடந்து முடிந்த பின் வரும் தணிக்கை என்ற வாதம் தயாராக இருக்கும். ஒவ்வொரு கீவேர்டிலும் ஒரு கருத்து ஒளிந்திருக்க வேண்டும்.

முழுச் சட்டகம் ஒன்று எப்படி இருக்கும்?

நாடாளுமன்றக் கட்டுப்பாட்டுக்கானது இது:

தகவல்: கேள்வி நேரம் / 151ஆம் பிரிவு, தணிக்கை அறிக்கை அவையில் / மானியக் கோரிக்கை விவாதம்
விளக்கம்: நிலைக்குழு 1993, அதிகாரிகள் நேரில் / பொதுக் கணக்குக் குழு, எதிர்க்கட்சித் தலைமை
விளைவு: 75(3) கூட்டுப்பொறுப்பு ஆனால் பெரும்பான்மை / கொறடா, பத்தாவது அட்டவணை / பரிந்துரை மட்டும் / கில்லட்டின் / செலவுக்குப் பின்
எதிர்வாதம்: முன்கூட்டிய அச்சம், கோப்பில் எச்சரிக்கை
சீர்: மசோதா நிலைக்குழுவுக்குக் கட்டாயம் / நடவடிக்கைக் குறிப்புக்குக் காலக்கெடு

இதில் ‘எதிர்வாதம்’ என்ற வரியைப் பலர் போடுவதில்லை. ஆனால் “கருத்துரைக்க”, “விமர்சன நோக்கில் ஆராய்க” என்று வரும் கேள்விகளில் விடை ஒருதலையாகாமல் காப்பது அந்த ஒரு வரிதான். மற்ற வரிகள் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். இதை மட்டும் நீங்களே யோசித்து எழுத வேண்டியிருக்கும்.

அந்தச் சட்டகத்திலிருந்து விடை எப்படி வரும்?

மாதிரிக் கேள்வி: “நிர்வாகத்தின் மீதான நாடாளுமன்றக் கட்டுப்பாடு வடிவத்தில் வலுவானது, பலனில் நலிந்தது. கருத்துரைக்க.” 10 மதிப்பெண்.

“நிர்வாகத்திடமிருந்து தகவல் பெற்று, விளக்கம் கேட்டு, தவறுக்கு விளைவை உண்டாக்கும்போதே கட்டுப்பாடு முழுமை பெறுகிறது. முதல் இரண்டிலும் நாடாளுமன்றம் வலுவாகவே இருக்கிறது. கேள்வி நேரமும், 151ஆம் பிரிவின்கீழ் அவையில் வைக்கப்படும் தணிக்கை அறிக்கைகளும் தகவல் தருகின்றன. 1993 முதல் இயங்கும் துறைசார் நிலைக்குழுக்கள் அதிகாரிகளை நேரில் அழைத்து மானியக் கோரிக்கைகளை ஆராய்கின்றன. பொதுக் கணக்குக் குழுவுக்கு எதிர்க்கட்சி உறுப்பினர் தலைமை வகிக்கிறார்.

நலிவு மூன்றாவது கட்டத்தில். 75(3) அமைச்சரவையை மக்களவைக்குப் பொறுப்பாக்கினாலும், பெரும்பான்மையும் பத்தாவது அட்டவணை வலுப்படுத்திய கொறடா உத்தரவும் அரசைக் காக்கின்றன. குழுப் பரிந்துரைகள் கட்டுப்படுத்துவதில்லை. பல மானியக் கோரிக்கைகள் விவாதமின்றிக் கில்லட்டின் முறையில் நிறைவேறுகின்றன. தணிக்கை செலவுக்குப் பின்னரே வருகிறது.

எனினும் பலனைத் தண்டனையால் மட்டும் அளக்க இயலாது. குழுமுன் பதில் சொல்ல நேரும் என்ற எண்ணமே செயலாளரை முடிவெடுக்கும்போது எச்சரிக்கையாக்குகிறது. நடவடிக்கைக் குறிப்புக்குக் காலக்கெடு விதிப்பதும், மசோதாக்களை நிலைக்குழுவுக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்குவதும் வடிவத்துக்கும் பலனுக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும்.”

சட்டகத்தில் இருந்த எல்லாக் கீவேர்டும் ஏறக்குறைய வந்துவிட்டன. ஆனால் மதிப்பெண் வாங்கித் தருவது “நலிவு மூன்றாவது கட்டத்தில்” என்ற சிறு வாக்கியம். கேள்வியின் இரு பாதியையும் முதுகெலும்போடு கட்டுவது அதுதான். வலிமை எங்கே முடிந்து நலிவு எங்கே தொடங்குகிறது என்று சொல்லாமல், நன்மை நான்கு, தீமை நான்கு என்று அடுக்கிய விடை இதே தகவல்களோடும் சராசரியாகவே நிற்கும்.

10, 15, 20 மதிப்பெண்ணுக்குத் தனித்தனிச் சட்டகம் வேண்டுமா?

வேண்டாம். ஒரு தாளுக்கு 250 மதிப்பெண், 180 நிமிடம். வகுத்துப் பார்த்தால் 10 மதிப்பெண்ணுக்கு ஏழு நிமிடம், 15க்குப் பதினோரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு, 20க்குப் பதினான்கரைக்குக் கொஞ்சம் குறைவு. யோசிக்கும் நேரமும் இதற்குள்ளேதான். எனவே ஏழு நிமிடக் கேள்விக்கு ஒரு கட்டத்துக்கு இரண்டு கீவேர்டு என்பதே தாராளம்.

20 மதிப்பெண் கேள்வியில் பலர் கீவேர்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள். விடை நீளும், ஆழம் கூடாது. அதே கீவேர்டுகளை வைத்துக்கொண்டு ஒன்றிரண்டுக்கு ‘ஏன்’ என்பதைச் சேருங்கள். கொறடா உத்தரவைப் பற்றி 10 மதிப்பெண்ணில் அரை வாக்கியம். 20இல், 1985இன் 52ஆம் திருத்தம் கட்சித்தாவலைத் தடுக்க வந்தது, நிலையான அரசு என்ற நோக்கத்தோடு. ஆனால் கட்சி உத்தரவை மீறி வாக்களிப்பவர் பதவியிழப்பார் என்பதால் ஆளுங்கட்சியின் பின்வரிசை உறுப்பினர் அரசைக் கண்காணிப்பவராக இருக்கும் வாய்ப்பே சுருங்கியது என்று விரிக்கலாம். தனியாக எழுதி வைக்க வேண்டியது இந்த ‘ஏன்’ வரிகளைத்தான். ஒரு சட்டகத்துக்கு இரண்டு போதும்.

தகவல் உரிமை, சமூகத் தணிக்கை போன்றவற்றுக்கும் இதே மூன்று கட்டம் வேலை செய்யுமா?

செய்யும். அங்கேதான் இது இன்னும் நன்றாகக் கைகொடுக்கும்.

தகவல் உரிமைச் சட்டம் 2005ஐ எடுத்தால், ‘தகவல்’ கட்டத்தில் 4ஆம் பிரிவு, 30 நாள் கெடு, உயிர் அல்லது சுதந்திரம் பற்றியதென்றால் 48 மணி நேரம். ‘விளக்கத்தில்’ முதல் மேல்முறையீடும் தகவல் ஆணையமும். ‘விளைவில்’ 20ஆம் பிரிவு: நாளுக்கு 250 ரூபாய், உச்சம் 25,000. இந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்த அபராதம் தகவலைத் தராததற்கு. வெளியே வந்த தகவல் ஓர் ஊழலைக் காட்டினால் அந்த ஊழலுக்கு இந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை. அதற்கு வேறு அமைப்பைத்தான் நாட வேண்டும். ‘அபராதம் மறைத்தலுக்கு, தவறுக்கு அல்ல’ என்று கீவேர்டாக எழுதி வையுங்கள். தகவல் உரிமை பொறுப்புடைமைக்குத் தேவை, ஆனால் அது மட்டும் போதாது என்ற வாதம் முழுக்க அதற்குள் இருக்கிறது. மத்தியச் சட்டத்துக்கு முன்பே, 1997இல், தகவல் உரிமைக்குச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் தமிழ்நாடு என்பதை எழுதலாம், ஆனால் முன்னுரையில் ஒரு தொடராக மட்டும்.

சமூகத் தணிக்கையில் முதல் இரண்டு கட்டமும் ஒரே இடத்தில் நடக்கும். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் 1990களில் நடத்திய ஜன் சுன்வாயில் வேலைப் பதிவேட்டை ஊர் முன் வாசித்தார்கள். அதில் பெயர் இருப்பவர் தான் வேலை செய்யவில்லை, கூலி வாங்கவில்லை என்று எழுந்து சொன்னார். 2005இன் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இதைக் கிராம சபையின் சட்டப் பணியாக்கியது. மூன்றாவது கட்டம்தான் இங்கும் ஒல்லி: கண்டுபிடித்த பணத்தை மீட்கவும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவும் வேண்டியது அதே நிர்வாகம்.

குடிமக்கள் சாசனத்துக்கு இரண்டு ஆண்டுகள் போதும். 1997இல் முதலமைச்சர்கள் மாநாட்டை ஒட்டி இங்கே வந்த சாசனம் சட்டப்படி வலியுறுத்த முடியாதது. 2010இல் மத்தியப் பிரதேசத்தின் சேவை உத்தரவாதச் சட்டம் காலக்கெடு தவறும் அலுவலருக்கு அபராதம் வைத்தது. சாசனத்தில் இல்லாத மூன்றாவது கட்டத்தைச் சேர்ப்பதே அந்தச் சட்டத்தின் வேலை.

சிந்தனையாளர்களின் பெயரை எங்கே வைப்பது? பெயர் அதிகமிருந்தால் நல்லதுதானே?

பெயர் ஒரு வாதத்தைத் தாங்க வேண்டும். இந்த அத்தியாயத்தில் கார்ல் ஃப்ரெடரிக்கும் ஹெர்மன் ஃபைனரும் 1940–41இல் நடத்திய விவாதம் கட்டாயம். அதிகாரியின் தொழில்முறை அறிவும் பொதுமக்கள் உணர்வும் அவரை உள்ளிருந்தே பொறுப்பாக்கும் என்றார் ஃப்ரெடரிக். தனக்குத்தானே நீதிபதியாக இருப்பவர் பொறுப்புள்ளவர் ஆகமாட்டார், வெளியிலிருந்து கட்டுப்பாடு வேண்டும் என்பது ஃபைனரின் நிலை.

பெரும்பாலான தாள்களில் இது முன்னுரையில் இரண்டு வரியாக வந்து அங்கேயே செத்துவிடுகிறது. அதை எதிர்வாதத்தில் வையுங்கள். வெளிக்கட்டுப்பாடு பெருகிய இடத்தில் அதிகாரி முடிவெடுக்கவே அஞ்சுகிறார், கோப்பை மேலே தள்ளிவிடுகிறார் என்று எழுதும்போது, ஃபைனர் கேட்ட கட்டுப்பாடு எல்லை மீறினால் ஃப்ரெடரிக் சொன்ன தொழில்முறை முனைப்பு சாகிறது என்று முடிக்கலாம். அங்கே பெயர்கள் வேலை செய்கின்றன. ஒரு விடைக்கு இரண்டு பெயர் போதும். மூன்றாவது பெயர் பெரும்பாலும் ஒப்புக்கு வந்ததாகத்தான் இருக்கும்.

நான் தமிழில் எழுதுகிறேன். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. கீவேர்டை எந்த மொழியில் வைப்பது?

இரண்டிலும். சட்டகத்தின் இடது ஓரத்தில் ஆங்கிலச் சொல், பக்கத்தில் நீங்கள் எழுதப் போகும் தமிழ்ச்சொல். கேள்வியில் ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் சட்டகம் நினைவுக்கு வர வேண்டும். தமிழ்ச்சொல் மட்டும் மனத்தில் இருந்தால் கேள்வி எந்த அலகைச் சேர்ந்தது என்றே சில நேரம் தெரியாது. ஆணையத்தின் விதிப்படி, கலைச்சொற்களின் ஆங்கில வடிவத்தை மட்டும் அடைப்புக்குறிக்குள் தரலாம். அதைத் தவறாகப் பயன்படுத்தினால் மதிப்பெண் கழிக்கப்படும் என்றும் அதே விதி சொல்கிறது. ஆகவே ஒரு சொல்லுக்கு முதல் முறை மட்டும், அதுவும் உண்மையான கலைச்சொல்லுக்கு மட்டும்.

ஒரு கருத்துக்கு ஒரே தமிழ்ச்சொல்லில் நில்லுங்கள். ஒரு பத்தியில் ‘பொறுப்புடைமை’, அடுத்ததில் ‘பதிலளிக்கும் கடமை’, கடைசியில் ‘பொறுப்புணர்வு’ என்று மாறினால், மூன்றும் வெவ்வேறு கருத்தோ என்று திருத்துபவர் குழம்புவார். பொறுப்புணர்வு உள்ளிருந்து வருவது. பொறுப்புடைமை இன்னொருவரிடம் கணக்குச் சொல்வது. ஃப்ரெடரிக்–ஃபைனர் விவாதமே அந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது.

சொல் எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் மூன்று சொல்லாக வருவது தமிழில் ஒரே சொல்லாக ஒட்டிக்கொள்ளும். 150 சொல் என்ற வரம்பை எட்ட வேண்டும் என்று நீட்டினால் நேரம் போய்விடும். கருத்து முடிந்ததும் நிறுத்துங்கள்.

கீவேர்டு நினைவுக்கு வருகிறது, வாக்கியம் வரமாட்டேன் என்கிறது. என்ன கோளாறு?

பெரும்பாலும் சட்டகத்தை வாசித்துக்கொண்டே இருந்திருப்பீர்கள், ஒருமுறைகூட எழுதி விரித்திருக்க மாட்டீர்கள். சோதிக்க எளிய வழி: ஏதாவது ஒரு கீவேர்டைத் தொட்டு, அதை எழுவாயாக வைக்காமல் ஒரு வாக்கியம் எழுதுங்கள். ‘கில்லட்டின்’ என்ற சொல்லை எடுத்து, “கில்லட்டின் என்பது…” என்று தொடங்கினால் அது வரையறை. “விவாத நாட்கள் முடிந்ததும் மிச்சமுள்ள கோரிக்கைகள் மொத்தமாக வாக்கெடுப்புக்கு விடப்படுவதால், பெருந்தொகை ஒதுக்கும் துறைகூட ஒரு கேள்வியும் கேட்கப்படாமல் தப்பிவிடலாம்” என்றால் அது வாதம். வரையறையாக மட்டுமே விரியும் கீவேர்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். ஒரு சட்டகத்தில் பாதிக்கு மேல் புள்ளி விழுந்தால், அந்தப் பகுதியை இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். புத்தகத்துக்குத் திரும்புவதுதான் வழி. சட்டகத்தை அழகாக மறுபடி எழுதுவது அல்ல.

இந்த மூன்று கட்டத்தை எல்லா அலகுக்கும் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. நிர்வாகச் சிந்தனை அலகுக்கு இது பொருந்தாது. அங்கே முதுகெலும்பு வேறு: சிந்தனையாளர் யாரை மறுத்தார், மனிதனைப் பற்றி என்ன அனுமானம் வைத்தார், எந்தக் கருத்தைத் தந்தார், அது எங்கே உடைகிறது. ஹெர்பர்ட் சைமனுக்கு இப்படிப் போட்டால் ‘நிர்வாகக் கோட்பாடுகள் பழமொழிகள்’ என்ற மறுப்பு முதல் கட்டத்திலும், ‘வரம்புக்குட்பட்ட பகுத்தறிவு’ இரண்டாவதிலும், ‘போதுமானதில் நிறைவு’ மூன்றாவதிலும் போய் உட்காரும். பொதுக் கொள்கை அலகுக்குக் கொள்கைச் சுழற்சியே முதுகெலும்பு. நிதி நிர்வாகத்துக்கு மட்டும் நம் மூன்று கட்டத்தில் பாதி மறுபடியும் உதவும். அதேபோல இரண்டாம் தாளில் பொதுச் செலவின் மீது நாடாளுமன்றக் கட்டுப்பாடு, தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் பங்கு ஆகிய தலைப்புகளுக்குத் தனிச் சட்டகம் போடாமல் இதையே எடுத்து, இந்திய எடுத்துக்காட்டுகளைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

சட்டகத்தை எப்போது திருத்த வேண்டும்?

கோட்பாட்டுக் கீவேர்டுகள் அப்படியே இருக்கும். சட்டப் பிரிவுகளும் அமைப்புகளும்தான் பழசாகும். தகவல் உரிமைச் சட்டத்தில் 2019 திருத்தம் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் மத்திய அரசு நிர்ணயிக்கும்படி செய்தது. பழைய புத்தகத்திலிருந்து ‘ஐந்தாண்டு நிலையான பதவிக்காலம்’ என்று எழுதி வைத்திருந்தால் ஆணையத்தின் சுதந்திரம் பற்றிய உங்கள் வாதமே தலைகீழாகிவிடும். 2023இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிப்பட்ட தகவல் பற்றிய 8(1)(ஜே) விலக்கை மாற்றி எழுதியது. ‘பெரிய பொதுநலன் இருந்தால் தரலாம்’ என்று அந்த உட்பிரிவுக்குள்ளேயே இருந்த வாசகம் அதில் போய்விட்டது. இது ‘தகவல்’ கட்டத்தையே தொடுவதால், சட்டகத்தின் அந்த வரியில் ஒரு ‘ஏன்’ சேர்த்தாக வேண்டும்.

எனவே பிரிவு எண், ஆண்டு, அமைப்பு ஆகியவற்றைப் பென்சிலில் எழுதுங்கள். முதன்மைத் தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பென்சில் வரிகளை மட்டும் சட்டத்தின் நடப்பு வாசகத்தோடு ஒப்பிட்டால் போதும். எட்டுச் சட்டகத்துக்கு ஒரு மாலைப்பொழுது பிடிக்கும்.